நூற்றுக்கு இருபத்தைந்து என்றால், எந்த நூற்றுக்கு?



டிப்ளமோ முடித்த எல்லோரும் கம்பெனி வேலைக்குத்தான் போகிறார்கள் என்று சொல்ல முடியாது. நம் சீனியர்களில் சிலர் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருக்கிறார்கள். சிலர் மோட்டார் ரீவைண்டிங்கோடு சேர்த்து ஸ்பேர் பார்ட்ஸும் விற்கிறார்கள். நாளைக்கு நம்மில் பலரும் அப்படி ஒரு கல்லாவுக்குப் பின்னால் உட்காரலாம். அங்கே தினமும் போட வேண்டிய ஒரு கணக்கு உண்டு. வாங்கி வந்த சாமானுக்கு என்ன விலை வைப்பது?

இந்தக் கணக்கில் மார்க்-அப், மார்ஜின் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. நம் ஊரில் இரண்டையுமே "லாப பர்சென்டேஜ்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். வினை அங்கேதான் ஆரம்பிக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிற கடைக்காரர், தனக்கே தெரியாமல் கடையில் இருக்கும் அத்தனை சாமானையும் விலை குறைத்து விற்றுக்கொண்டிருப்பார். எப்படி என்று பார்ப்போம்.

ஒரே லாபம், இரண்டு சதவீதம்

ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸை 240 ரூபாய்க்கு வாங்கி 300 ரூபாய்க்கு விற்கிறோம். லாபம் 60 ரூபாய். இதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இந்த 60 ரூபாய் எத்தனை சதவீதம் என்று கேட்டால்தான் இரண்டு விடை வரும்.

வாங்கிய விலையோடு ஒப்பிட்டால் 60 ÷ 240, அதாவது 25 சதவீதம். இதற்குப் பெயர் மார்க்-அப். அடக்க விலையின் மேல் எவ்வளவு ஏற்றினோம் என்பதை இது சொல்கிறது.

விற்ற விலையோடு ஒப்பிட்டால் 60 ÷ 300, அதாவது 20 சதவீதம். இதற்குப் பெயர் மார்ஜின். கல்லாவில் விழுந்த ஒவ்வொரு 100 ரூபாயிலும் எவ்வளவு நம்முடையது என்பதை இது சொல்கிறது.

விற்ற விலை எப்போதும் வாங்கிய விலையைவிடப் பெரிது. பெரிய எண்ணால் வகுத்தால் விடை சின்னதாகத்தான் வரும். ஆகவே லாபம் என்று ஒன்று இருக்கிற வரைக்கும் மார்ஜின் எப்போதும் மார்க்-அப்பைவிடக் குறைவாகவே இருக்கும். மார்க்-அப் 100 சதவீதத்தைத் தாண்டலாம். 100 ரூபாய் சாமானை 250 ரூபாய்க்கு விற்றால் மார்க்-அப் 150 சதவீதம். மார்ஜின் ஒரு நாளும் 100-ஐத் தொடாது, சாமான் சும்மா கிடைத்தால் ஒழிய. யாராவது "நூத்தியம்பது பர்சென்ட் லாபம்" என்று பேசினால், அவர் மார்க்-அப்பில் பேசுகிறார் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த லாப நட்டக் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? லாபத்தை வாங்கிய விலையால் வகுத்து நூறால் பெருக்கு என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது மார்க்-அப். அந்த ஒரு சூத்திரம் மட்டும் மனதில் பதிந்துபோனதால், பர்சென்டேஜ் என்றாலே கை தானாக வாங்கிய விலையைப் பிடித்துக்கொள்கிறது.

பெரியவர்கள் இன்னமும் "ரூபாய்க்கு நாலணா லாபம்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1957-ல் நயா பைசா வந்து அணா போய்விட்டது, பேச்சில் மட்டும் நிற்கிறது. ரூபாய்க்குப் பதினாறு அணா. நாலணா என்றால் கால். ஆனால் எந்த ரூபாய்க்கு நாலணா? முதல் போட்ட ரூபாய்க்கு என்றால், பதினாறு அணா சாமானை இருபது அணாவுக்கு விற்க வேண்டும். கல்லாவில் விழுந்த ரூபாய்க்கு என்றால், பன்னிரண்டு அணா சாமானைப் பதினாறு அணாவுக்கு விற்க வேண்டும். வாய்ச்சொல் ஒன்றுதான். கணக்கு இரண்டு.

கடைக்கு எது தேவை?

இரண்டில் எதை வைத்து விலை போட்டால் என்ன, லாபம் லாபம்தானே என்று கேட்கலாம். கடையின் செலவுகளைக் கவனித்தால் விடை கிடைக்கும். வாடகை, சம்பளம், கரண்ட் பில், வட்டி எல்லாமே கல்லாவில் விழுந்த பணத்திலிருந்து போகின்றன. "இந்த மாசம் இவ்வளவு வியாபாரம், அதில் இவ்வளவு செலவு" என்றுதான் எந்தக் கடைக்காரரும் கணக்குப் பார்ப்பார். தள்ளுபடி கொடுத்தாலும் விற்பனை விலையில்தான் கொடுக்கிறார். செலவையும் தள்ளுபடியையும் விற்பனையில் அளந்துவிட்டு, லாபத்தை மட்டும் அடக்க விலையில் அளந்தால் இரண்டையும் கழிக்கவோ கூட்டவோ முடியாது. ஒன்றை மீட்டரிலும் இன்னொன்றை அடியிலும் அளந்து கூட்டுவதைப் போன்றது அது.

எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த அண்ணன் ஒருவர் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் அவருக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பேன். அவர் கடைக் கணக்கையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். எளிமைக்காக எண்களை முழுதாக்கியிருக்கிறேன்.

மாத வியாபாரம் 3,00,000 ரூபாய். செலவுகள் இப்படி: கடை வாடகை 12,000. வேலைக்கு இருக்கும் பையனுக்குச் சம்பளம் 15,000. கரண்ட் பில் 3,000. கடன் வட்டி 9,000. வீட்டு வாசலில் சாமான் இறக்கித் தரும் ஆட்டோ வாடகை 4,000. போன், பில் புக், டீ, உடைசல் இத்யாதி 5,000. ஆக மொத்தம் 48,000. வியாபாரத்தில் இது 16 சதவீதம். இது போகத் தன் குடும்பத்துக்கு மாதம் 27,000 வேண்டும் என்று நினைத்தார். அது 9 சதவீதம். இரண்டையும் கூட்டினால் 25. ஆகவே "நூத்துக்கு இருபத்தஞ்சு" வைத்து விற்றால் போதும் என்று முடிவு செய்தார்.

இதுவரை அவர் கணக்கு சரி. 25 என்பது விற்பனையில் வேண்டிய பங்கு, அதாவது மார்ஜின். ஆனால் சாமானுக்கு விலைச் சீட்டு ஒட்டும்போது என்ன செய்தார்? 240 ரூபாய் சாமானுக்கு 25 சதவீதம் கண்டு 60 ரூபாய் ஏற்றி 300 என்று எழுதினார். அது 25 சதவீத மார்க்-அப். மார்ஜினாகப் பார்த்தால் 20 தான். தேவை 25, கிடைத்தது 20.

ஐந்து சதவீதம்தானே குறைந்தது என்று தோன்றும். அந்த ஐந்து எங்கேயிருந்து குறைகிறது என்று பாருங்கள். வாடகைக்காரர் குறைத்துக்கொள்ள மாட்டார். மின்வாரியம் குறைக்காது. வட்டி குறையாது. 16 அப்படியே நிற்கும். முழுக் குறையும் கடைக்காரருக்கு மிஞ்ச வேண்டிய 9-லிருந்துதான் போகும். 9 போய் 4 ஆகிவிட்டது. ரூபாயில் சொன்னால், 3,00,000 வியாபாரத்தில் மொத்த லாபம் 60,000; செலவு 48,000; மிச்சம் 12,000. அவர் எதிர்பார்த்த 27,000-ல் பாதிகூட இல்லை.

கல்லா சரி, சரக்கு எங்கே?

இது ஏன் உடனே தெரியவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அண்ணன் மாதாமாதம் 27,000 வீட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தார். செலவு 48,000. மீதி 2,25,000-க்குப் புதுச் சரக்கு எடுத்தார். மூன்றையும் கூட்டினால் சரியாக 3,00,000. கல்லாக் கணக்கில் ஒரு ரூபாய் இடிக்கவில்லை. எல்லாம் சரியாக நடப்பது போலவே இருந்தது.

ஆனால் விற்றுப்போன சாமானின் அடக்கம் 2,40,000. திரும்ப வாங்கி வைத்தது 2,25,000-க்குத்தான். மாதம் 15,000 ரூபாய்ச் சரக்கு அலமாரியிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. ஒரு வருஷத்தில் 1,80,000. தன் முதலையே சம்பளமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்ல வேண்டும். சில கடைகளில் சரக்கு குறையாது. அதற்குப் பதிலாக மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி ஏறிக்கொண்டே போகும். நோய் ஒன்றுதான்.

அலமாரியில் காலி இடம் தெரிய ஆரம்பித்ததும் அண்ணனுக்குச் சந்தேகம் வேலைக்கு இருந்த பையன் மேல் விழுந்தது. என்னிடம், "மூணு லட்சம் ஓடுது தம்பி. எழுபத்தஞ்சாயிரம் நிக்கணும். நிக்கலையே! சாமான் எங்கயோ போவுது. இந்த மாசத்தோட அவனை நிறுத்திடலாம்னு பாக்குறேன்" என்றார்.

"அவசரப்படாதீங்கண்ணே, ஒரு தடவை சரக்கை எண்ணிப் பாத்துடலாம்" என்றேன்.

சரக்கு காணாமல் போகிறதா, விலை தப்பாகப் போடப்பட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மாத ஆரம்பத்தில் இருந்த சரக்கோடு அந்த மாதம் வாங்கிய சரக்கைக் கூட்ட வேண்டும். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்த சரக்கைக் கழிக்க வேண்டும். எல்லாம் அடக்க விலையில். வருகிற விடை, கடையை விட்டு வெளியே போன சாமானின் அடக்கம். அவர் கடையில் ஆரம்ப இருப்பு 6,10,000. வாங்கியது 2,25,000. கடைசி இருப்பு 5,95,000. ஆக வெளியே போனது 2,40,000.

வந்த பணம் 3,00,000. போன சாமான் 2,40,000. அடக்கத்தின் மேல் சரியாக 25 சதவீதம் வந்திருக்கிறது. அதாவது வெளியே போன ஒவ்வொரு சாமானுக்கும் அவர் ஒட்டிய விலைப்படியே பணம் வந்துவிட்டது. பையன் சாமானை எடுத்திருந்தால், போன சாமான் 2,40,000-க்கு மேல் இருந்திருக்கும். மார்க்-அப் 25-க்குக் கீழே இறங்கியிருக்கும். கணக்கைப் பார்த்ததும் அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப நான்தான் கம்மியா வித்திருக்கேன்" என்றார். பையன் இன்றும் அதே கடையில்தான் இருக்கிறான்.

எதிர்பார்த்தது 25, வந்தது 20 என்றால் இந்தக் குழப்பத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். எதிர்பார்த்தது 20, வந்தது 16.67 என்றாலும் அப்படியே. இவை மார்க்-அப்புக்கும் மார்ஜினுக்கும் உள்ள ஜோடி எண்கள். ஜோடியில் சேராத எண் வந்தால் மட்டும் உடைசல், களவு, பில் போடாமல் விற்றது என்று வேறு காரணம் தேடலாம்.

சரியான விலை போடுவது எப்படி?

விற்பனையில் கால் பங்கு நமக்கு வேண்டுமென்றால் அடக்கம் முக்கால் பங்கு. அடக்கம் 240 ரூபாய் என்பது முக்கால் என்றால், முழுசு எவ்வளவு? 320. அவ்வளவுதான் கணக்கு. சூத்திரமாக எழுதினால்:

விற்பனை விலை = அடக்க விலை ÷ (1 − மார்ஜின்)

240 ÷ 0.75 = 320. சரி பார்க்க: லாபம் 80; 80 ÷ 320 = 25 சதவீதம். பெருக்கி ஏற்றுவது மார்க்-அப், வகுத்து ஏற்றுவது மார்ஜின் என்று மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

கால்குலேட்டர் இல்லாதபோது பின்னத்தில் போட்டுக்கொள்ளலாம். விற்பனையில் நாலில் ஒன்று வேண்டுமென்றால் அடக்கத்தில் மூன்றில் ஒன்று ஏற்ற வேண்டும். ஐந்தில் ஒன்று வேண்டுமென்றால் நாலில் ஒன்று. மூன்றில் ஒன்று வேண்டுமென்றால் பாதி. கீழே உள்ள எண்ணில் ஒன்றைக் குறைத்தால் போதும். அடிக்கடி தேவைப்படும் சில ஜோடிகள்:

மார்ஜின் 10 வேண்டுமா, அடக்கத்தில் 11.11 சதவீதம் ஏற்று
மார்ஜின் 20 வேண்டுமா, 25 ஏற்று
மார்ஜின் 25 வேண்டுமா, 33.33 ஏற்று
மார்ஜின் 40 வேண்டுமா, 66.67 ஏற்று
மார்ஜின் 50 வேண்டுமா, 100 ஏற்று

பர்சென்டேஜ் கூடக் கூட இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளம் அகலமாகிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். பத்து சதவீதத்தில் விற்கும் கடைக்கு அடி லேசாகப் படும். நாற்பது, ஐம்பது வைத்து விற்கும் பேன்சி ஸ்டோர்காரருக்குப் பலமாகப் படும்.

இன்னொரு விஷயம். பில்லிங் சாப்ட்வேரில் "லாபம் %" என்ற கட்டம் இருந்தால் அது எதைக் குறிக்கிறது என்று நம்பிக்கையில் விடக்கூடாது. அடக்கம் 100, லாபம் 20 என்று போட்டுப் பாருங்கள். விலை 120 என்று வந்தால் மார்க்-அப். 125 என்று வந்தால் மார்ஜின். மேசைக் கால்குலேட்டரில் இருக்கும் MU பட்டனையும் இதே போலச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

தள்ளுபடி கொடுக்கும்போது

எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பத்து பர்சென்ட் குறைக்கச் சொல்கிறார். கடைக்காரர், "நமக்கு இருபத்தஞ்சு இருக்கே, பத்து போனா பதினஞ்சு மிஞ்சும்" என்று மனக்கணக்குப் போட்டுச் சரி என்கிறார். 300-ல் பத்து சதவீதம் 30. விலை 270. அடக்கம் 240. மிஞ்சியது 30 ரூபாய். 270-ல் அது 11 சதவீதம்தான். செலவுக்கே 16 வேண்டும். ஏற்றியது 240-ல் 25 சதவீதம், இறக்கியது 300-ல் 10 சதவீதம். இரண்டையும் நேராகக் கழித்ததால் வந்த வினை இது.

தள்ளுபடி கேட்பது வழக்கம் என்று தெரிந்தால் முன்கூட்டியே கணக்கில் சேர்க்க வேண்டும். 240-க்கு 25 சதவீத மார்ஜினோடு வேண்டியது 320. பத்து சதவீதம் குறைத்த பிறகும் 320 நிற்க வேண்டுமென்றால் 320 ÷ 0.9, ஏறக்குறைய 356 என்று விலை எழுத வேண்டும்.

இந்தக் கணக்கின் எல்லைகள்

சூத்திரம் சொன்னபடி விலை எழுதிவிட முடியுமா? எப்போதும் முடியாது. பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.-க்கு மேல் விற்கக்கூடாது. அந்த விலை எல்லா வரியும் சேர்ந்தது. சூத்திரம் தருகிற விலை அதைத் தாண்டினால், அந்தச் சாமானில் நமக்கு வேண்டிய மார்ஜின் கிடைக்காது என்று பொருள். குறைந்த விலைக்கு வாங்க வேண்டும், அல்லது வேறு சாமானில் ஈடு கட்ட வேண்டும். பல்பு, ஒயர் மாதிரி எல்லோருக்கும் விலை தெரிந்த சாமானில் அதிகம் வைக்க முடியாது. ஸ்க்ரூ, கிளிப், ஹோல்டர் மாதிரிச் சில்லறைச் சாமானில் வைக்கலாம். மொத்த விற்பனையில் சராசரி 25 வந்தால் சரி.

அடக்க விலை என்பதிலும் கவனம் வேண்டும். பில்லில் உள்ள விலையோடு லாரி வாடகை, இறக்குக் கூலி சேர்ந்தால்தான் அடக்கம். ஜி.எஸ்.டி. விஷயத்தில், வரி கட்டி உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கடை, வாங்கிய விலை, விற்ற விலை இரண்டிலிருந்தும் வரியை நீக்கிவிட்டுக் கணக்குப் போட வேண்டும். வாங்கியதில் வரியை நீக்கி, விற்றதில் சேர்த்து வைத்தால் மார்ஜின் பொய்யாகப் பெருத்துத் தெரியும். திரும்ப எடுக்க முடியாத கடைக்கு அந்த வரியும் அடக்கத்திலேயே சேரும்.

செலவு 16 சதவீதம் என்பதும் நிலையானது இல்லை. வியாபாரம் 2,00,000-க்கு இறங்கினால் அதே 48,000 செலவு 24 சதவீதமாகிவிடும். ஆகவே வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கணக்கைப் புதுப்பிக்க வேண்டும்.

விலையை ஏற்றினால் கஸ்டமர் போய்விடுவாரே என்ற பயம் நியாயமானது. அதையும் கணக்காகப் பார்க்கலாம். 300-க்கு விற்றால் பாக்ஸுக்கு லாபம் 60. 320-க்கு விற்றால் 80. ஆயிரம் பாக்ஸ் விற்று வந்த அதே 60,000 ரூபாய், இப்போது 750 பாக்ஸ் விற்றாலே வந்துவிடும். அதாவது நாலு பேரில் ஒருவர் வேறு கடைக்குப் போனாலும் மொத்த லாபம் குறையாது. அதற்கு மேல் போனால்தான் நஷ்டம்.

போட்டுப் பாருங்கள்

1. அடக்கம் 900 ரூபாய். மார்ஜின் 40 சதவீதம் வேண்டும். விலை என்ன?
2. ஒரு கடைக்காரர் அடக்கத்தின் மேல் 50 சதவீதம் ஏற்றி விற்கிறார். அவர் மார்ஜின் என்ன?
3. அடக்கம் 180 ரூபாய். 10 சதவீதம் தள்ளுபடி போன பிறகும் 25 சதவீத மார்ஜின் நிற்க வேண்டும். விலைச் சீட்டில் என்ன எழுதுவது?

விடைகள்: 1) 1,500 ரூபாய். 1,260 என்று வந்தவர்கள் மறுபடியும் மேலே படிக்கவும். 2) 33.33 சதவீதம். 3) 180 ÷ 0.75 = 240; 240 ÷ 0.9 = 266.67. ஆகவே 267 ரூபாய்.